தைரியம், துணிச்சல், திமிர்: பாராட்டு எந்த இடத்தில் எச்சரிக்கையாகிறது?

பள்ளத்தூர் டீச்சர்

ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிரேவ், போல்ட், டேரிங், ரெக்லெஸ் என்று நான்கு சொற்களை ஒரே பாடத்தில் நடத்த வேண்டியிருந்தது. பிள்ளைகள் வைத்திருக்கும் கைடில் முதல் மூன்றுக்கும் ‘தைரியமான’ என்று போட்டிருக்கிறது, நான்காவதுக்கு ‘அஜாக்கிரதையான’. இதை வைத்துக்கொண்டு ஒன்றும் புரிய வைக்க முடியாது என்று நானே ஒரு காட்சி எழுதிக் கொடுத்தேன்.

சிராவயல் பொட்டல், தை மாதம், மஞ்சுவிரட்டு. தொழுவிலிருந்து வரும் மாட்டை, முறைப்படி பதிந்து உள்ளே வந்த ஒருவர் திமிலைப் பிடித்து அணைகிறார். கூட்டத்தில் நின்ற ஒருவன் திடீரென்று சட்டையைக் கழற்றிக் கூட்டாளியிடம் வீசிவிட்டு இன்னொரு மாட்டின் முன்னால் போய் நிற்கிறான். மாடு தள்ளிக் கீழே விழுந்த ஒரு பையனை, வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கொம்புக்கு முன்னால் ஓடி இழுத்துப் போடுகிறார். மாட்டுக்காரர் ஒருவர், ‘கூட்டம் கட்டுக்குள்ள இல்லை, இந்த வருசம் நான் அவிழ்க்கப் போறதில்லை’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு மாட்டை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார். நான்கு பேர், நான்கு சொற்கள், பொருத்துங்கள் என்றேன்.

நான் எதிர்பார்த்தது பெரியவருக்கு பிரேவ், மாட்டுக்காரருக்கு போல்ட், பிடித்தவருக்கு டேரிங், சட்டையைக் கழற்றியவனுக்கு ரெக்லெஸ். வந்தது வேறு. பாதி வகுப்பு சட்டை கழற்றியவனுக்கு டேரிங் போட்டிருந்தது. மாட்டுக்காரருக்கு நாலு சொல்லில் எதுவும் பொருந்தாது, அவர் பயந்தாங்கொள்ளி என்று ஒரு பையன் ஓரத்தில் எழுதியிருந்தான். அண்ணன் மாடு குத்திப் படுத்திருக்கும் ஒரு பெண் மட்டும், பெரியவரைத் தவிர மற்ற மூவருக்கும் ரெக்லெஸ் போட்டிருந்தாள்.

சிவப்பு மையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நம் பேச்சில் இந்தக் கோடு எங்கே விழுகிறது? எந்த இடத்தில் ‘அடேயப்பா’ என்பது ‘அடப்பாவி’ ஆகிறது?

கண்டனூர் தமிழ்ப்பித்தன்

டீச்சர், குழப்பத்துக்குக் காரணமே தைரியம் என்ற வடசொல்தான். அதை எடுத்துவிடுங்கள். பிரேவ் என்றால் வீரம், போல்ட் என்றால் அஞ்சாமை, டேரிங் என்றால் துணிவு. ரெக்லெஸ் என்றால் பேதைமை. ‘அஞ்சுவது அஞ்சாமை பேதைமை’ என்று வள்ளுவர் 428-ஆம் குறளில் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாதவன் பேதை, அவ்வளவுதான். இதற்கு ஒரு விவாதம் தேவையா?

பழைய புரூஃப்

தமிழ்ப்பித்தன் குறளைச் சரியான இடத்தில் எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் தைரியத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. முப்பது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் என்பதால், எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டது. அதை வைத்துச் சொல்கிறேன்.

துக்க வீட்டுக்குப் போகிறோம். ‘தைரியமா இருங்க’ என்கிறோம். யாராவது ‘துணிச்சலா இருங்க’ என்று சொல்லிக் கேட்டதுண்டா? ஊசி போட்டுக்கொள்ளும் குழந்தை, ஆபரேஷனுக்குப் போகிற மனிதர், ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை, எல்லாருக்கும் தைரியம்தான். வடமொழியிலும் அந்தச் சொல்லுக்கு நிலைகுலையாமல் இருப்பது என்றுதான் அர்த்தம். தானாக வந்த கஷ்டத்தின் முன்னால் ஆடாமல் நிற்பது. ஆங்கிலத்தில் பிரேவ் செய்கிற வேலையில் பெரும்பாதி இதுதான். புற்றுநோயாளியை அவர்கள் பிரேவ் என்பார்கள், டேரிங் என்று சொல்லவே மாட்டார்கள்.

துணிச்சல் வேறு குடும்பம். துணி என்றால் வெட்டு, துண்டாக்கு, அதிலிருந்து முடிவெடு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்கிற இடத்தில் துணிக என்பதற்கு வீரம் காட்டு என்று பொருள் இல்லை, முடிவு செய்து இறங்கு என்று பொருள். ஆகவே துணிச்சலில் ஆபத்து தானாக வருவதில்லை, நாம் தேடிப் போகிறோம். டேரிங்கும் அப்படித்தான். டேரிங் என்ற சொல் மீட்பு, தப்பித்தல், கொள்ளை மூன்றோடும் சகஜமாகச் சேரும். கொள்ளையைப் பற்றிய செய்தியில் ‘துணிகரக் கொள்ளை’ என்று நம் பத்திரிகைகளும் எழுதுகின்றன. திருடனுக்குப் பாராட்டா அது? இல்லை, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அதில் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. டேரிங்குக்கும் ரெக்லெஸ்ஸுக்கும் நடுவில் கோடு எங்கே என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அவை ஒரே அளவுகோலில் இல்லை. தைரியம் கூடிக் கூடிப் போய் ஒரு கட்டத்தில் ரெக்லெஸ் ஆகிறது என்று நாம் நினைக்கிறோம். அந்த ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது பயமே இல்லை, கவலை. கவலையற்றவன், சட்டை பண்ணாதவன். அதனால்தான் ரெக்லெஸ்ஸாகச் செலவு செய்யலாம், ரெக்லெஸ்ஸாகக் கையெழுத்துப் போடலாம். அதற்கெல்லாம் தைரியம் எதுவும் தேவையில்லை, கோழைகூடச் செய்யலாம். மாணவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்.

கொம்பன்_திருப்பத்தூர்

வந்துட்டாங்கய்யா மஞ்சுவிரட்டுல குறை சொல்ல. 2014-ல தடை போட்டாங்க, 2017-ல ஊரே தெருவுக்கு வந்து சட்டத் திருத்தம் வாங்குச்சு. அந்தத் திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கு. 2023 மே 18-ல உச்ச நீதிமன்றமே செல்லும்னு சொல்லியாச்சு. இனி ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு ‘மாடு பிடிக்கிறவன் முட்டாள்’னு பாடம் நடத்தணுமா?

பள்ளத்தூர் டீச்சர்

தம்பி, நான் மாடு பிடிப்பது சரியா தவறா என்று கேட்கவே இல்லை. என் காட்சியில் பிடித்தவருக்கு நான் நல்ல சொல்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் களத்தில் இறங்குகிறவர் போலத் தெரிகிறது. அப்படியானால் ஒன்று சொல்லுங்கள். உள்ளே நிற்கிற நீங்கள் யாரைத் துணிச்சல்காரன் என்பீர்கள், யாரைப் பார்த்து ‘இவனை வெளியே அனுப்பு’ என்பீர்கள்?

கொம்பன்_திருப்பத்தூர்

சரி டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இதைப் பற்றி யார் பேசினாலும் கை தானா டைப் பண்ணிருது.

வாடிவாசல் ஜல்லிக்கட்டு வேறு, எங்க பொட்டல் வேறு. அங்கே மாடு ஒரே வாசல் வழியாத்தான் வரும், எந்தத் திசையில பார்க்கணும்னு தெரியும். பொட்டல்ல தொழு மாடு முன்னால வரும், கட்டுமாடுன்னு வயல்வெளியில அங்கங்கே கொண்டுவந்து அவிழ்க்கிற மாடு எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். நீங்க ஒரு மாட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போது இன்னொன்னு முதுகுக்குப் பின்னால இருக்கும். வேடிக்கை பார்க்கிற ஆள் அடிபடுறது பெரும்பாலும் இப்படித்தான். அவன் எந்த மாட்டையும் எதிர்த்துப் போகலை, மாடு வர்ற பக்கத்தை அவன் பார்க்கவே இல்லை.

ஆட்டம் தெரிஞ்சவனை நீங்க பார்த்தா முதல்ல ‘இவன் ஏன் சும்மா நிக்கிறான்’னு தோணும். மாடு எப்படி வருதுன்னு பார்ப்பான். நேரா ஓடிப் போற மாடா, நின்னு சுத்துற மாடா. கொம்பை எந்தப் பக்கம் வீசுது. முதல் பாய்ச்சல்ல கை வைக்க மாட்டான். பக்கவாட்டுல சேர்ந்து ஓடி, திமில்ல கையைப் போட்டு, தலையைத் திமிலோட ஒட்டிக்குவான். தலை தள்ளி இருந்தா மாடு திரும்புறப்ப கொம்பு முகத்துக்கு வரும். மூணு துள்ளல் தாங்கினா போதும், விட்டுடுவான். விடுறப்பவும் மாட்டுக்கு முன்னால விழ மாட்டான். ஒருவேளை விழுந்துட்டா எழுந்திருக்க மாட்டான், குப்புறப் படுத்துக் கிடப்பான். புதுசா வர்றவன் பயத்துல உடனே எந்திரிப்பான், திரும்பவும் குத்து வாங்குவான்.

அப்புறம் முக்கியமா, நின்னு குத்துற காளை வந்தா ஆட்டம் தெரிஞ்சவன் ஒதுங்கிருவான். அதைப் பார்த்து யாரும் கோழைன்னு சொல்ல மாட்டோம். ‘விடுற மாட்டை விடத் தெரியணும்’னு பெரியவங்க சொல்வாங்க. சட்டையைக் கழற்றி வீசுறவன் கண்ணு மாட்டு மேல இருக்காது டீச்சர், செல்போன் பிடிக்கிற கூட்டாளி மேல இருக்கும். எங்களுக்கு அதான் அடையாளம். அவனுக்கு நாங்க துணிச்சல்னு சொல்றதில்லை. ‘கொழுப்பு’, இல்லைன்னா ‘ஏத்தம்’.

பழைய புரூஃப்

தம்பி, இவ்வளவு தெளிவாக நான் எங்கேயும் படித்ததில்லை. கண் எங்கே இருக்கிறது என்பது நல்ல அளவுகோல். கூடவே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அவனுக்கு வைத்த இரண்டு பெயரும் தைரியக் குடும்பத்துச் சொற்களே அல்ல. கொழுப்பு, திமிர், ஏத்தம், தெனாவட்டு எல்லாம் ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதைச் சொல்பவை. ஆபத்தைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை. தைரியக் குடும்பத்துக்குள்ளேயே இருந்து குறை சொல்ல வேண்டுமென்றால் தமிழ் முன்னால் ஒரு அடை போடும்: அசட்டுத் தைரியம், குருட்டுத் தைரியம், வறட்டுத் தைரியம், முரட்டுத் துணிச்சல். குருட்டுத் தைரியம் உள்ளவனுக்கு ஆபத்து தெரியாது. வறட்டுத் தைரியம் உள்ளவனுக்குத் தெரியும், கையில் ஒன்றுமில்லை, இருந்தாலும் வீம்புக்கு நிற்கிறான். இரண்டும் ஒன்றல்ல.

தேவகோட்டை குமாஸ்தா

வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வாகன விபத்து வழக்கில் எஃப்ஐஆர் எதை எடுத்தாலும் ஒரு வரி மாறாமல் இருக்கும்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. டீச்சர் சொன்ன கைடு அந்த ‘அஜாக்கிரதையான’வை இங்கிருந்துதான் எடுத்திருக்கும் என்பது என் சந்தேகம்.

ஆனால் சட்டத்தில் இருப்பது இரண்டு வேறு சொற்கள், ராஷ், நெக்லிஜென்ட். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 279-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதாவில் 281. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கோர்ட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டன. ஆபத்து என்று தெரிந்தும், ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் செய்தால் ராஷ். எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டால் நெக்லிஜென்ஸ். அதாவது ராஷ் ஆனவனுக்குத் தெரியும். தமிழ்ப்பித்தன் ஐயா சொன்ன பேதைமை இதில் சரியாக உட்காராது. பேதைக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ‘தெரியும்’ என்பதை எப்படி நிரூபிப்பது? அவன் தலைக்குள் யாரும் போக முடியாது. வளைவு, பள்ளிக்கூட போர்டு, மழை, எதிரே வந்த பஸ் அடித்த ஹாரன் என்று சுற்றியிருந்ததையெல்லாம் அடுக்கி, இவ்வளவு இருந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை என்றால் தெரிந்துதான் செய்தான் என்று வாதிடுவார்கள். பைக்கில் சாகசம் செய்கிற பையன்கள் அந்த வீடியோவைத் தாங்களே இன்ஸ்டாகிராமில் போட்டுவிடுவதால் இப்போது அந்த வேலையும் மிச்சம்.

கண்டனூர் தமிழ்ப்பித்தன்

அறிந்தும் அதன்படி நடக்காதவனையும் தமிழ் பேதை என்று சொல்லும், குமாஸ்தா அவர்களே. அஞ்சத்தக்கது எது என்று தெரிந்தால் போதாது, அஞ்சவும் வேண்டும். குறள் அதைத்தான் சொல்கிறது. அந்த மட்டில் நான் நிற்கிறேன்.

தைரியத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கிறேன். துக்க வீட்டில் ‘அஞ்சாமையோடு இருங்கள்’ என்று சொல்லிப் பார்த்தேன், மனதுக்குள். முடியவில்லை.

புதுவயல் பொண்ணு

எல்லாரும் மாட்டையும் பைக்கையும் வைத்தே பேசுகிறீர்கள். என் கதையைக் கேளுங்கள். சென்னையில் வேலை, தனியாக வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் நான் ‘போல்டான பொண்ணு’. பாங்கில் வேலை ஆக வேண்டும், ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேள்வி கேட்க வேண்டும் என்றால் ‘அவளைக் கூப்பிடு, போல்டா பேசுவா’. இந்த வருடம் ஜாதகம் எடுத்தார்கள். வந்த ஒரு வீட்டில் என்னிடம் நன்றாகத்தான் பேசினார்கள். பிறகு தரகர் வழியாகச் சொல்லி அனுப்பிய பதில்: ‘பொண்ணு நல்ல பொண்ணுதான், கொஞ்சம் போல்டு.’

அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கிறதே! அதே சொல், அதே நான். எந்த இடத்தில் மாறியது?

கானாடுகாத்தான் ஆச்சி

இங்கிலீஷ் வந்த பிறகு ‘போல்டு’ என்று நாசூக்காகச் சொல்கிறார்கள் அப்பச்சி. எங்கள் காலத்தில் நேரடியாக ‘துணிஞ்சவ’ என்பார்கள். ஒரு ஆம்பளையை ‘துணிஞ்சவன்’ என்று சொன்னால் கடை வைப்பான், கடல் தாண்டுவான் என்று அர்த்தம். பொம்பளையைத் ‘துணிஞ்சவ’ என்றால் வீட்டைத் தாண்டுவாள் என்று அர்த்தம். இரண்டிலும் இருப்பது ஒரே துணிவுதான். ‘துணிஞ்ச கட்டை’ என்றால் ஆணோ பெண்ணோ, பக்கத்தில் போகாதே என்று.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஆம்பளைகள் யாரும் இல்லாத நாளில், ராத்திரி இரண்டாங்கட்டில் சத்தம் கேட்டு, கையில் உலக்கையோடு தனியாகப் போய்ப் பார்த்தவர்கள். அத்தனை பெரிய வீட்டில், ஒரு கோடியில் கத்தினால் மறு கோடிக்குக் கேட்காது. அதைத் ‘தைரியசாலி’ என்று சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அதே அப்பத்தா பங்காளிகள் முன்னால் கணக்கு எங்கே என்று கேட்டபோது ‘என்ன துணிச்சல்’ என்றார்கள். வீட்டைக் காத்தால் தைரியம், வீட்டைக் கேள்வி கேட்டால் துணிச்சல். என் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

பழைய புரூஃப்

ஆச்சி சொன்ன ‘என்ன துணிச்சல்’ என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறேன். இந்தச் சொற்களை அளந்து பேச ஆரம்பித்தாலே குரல் மாறிவிடுகிறது. ‘அவனுக்குத் தைரியம் உண்டு’ என்பது பாராட்டு. ‘அவனுக்குத் தைரியம் ஜாஸ்தி’ என்றால் முகம் சுளிக்கிறோம். ‘எவ்வளவு தைரியம் இருந்தா என் வாசல்ல வந்து நிப்ப’ என்றால் சண்டை. சொல் அப்படியேதான் இருக்கிறது. டேரிங்கின் வினைச்சொல்லை எடுத்து ‘ஹவ் டேர் யூ’ என்றால் ஆங்கிலத்திலும் சண்டைதான். புதுவயல் பொண்ணுக்கு வந்த ‘கொஞ்சம்’ அதே அளவுச் சொல்தான், மரியாதைக்குக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

போல்ட் பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு உயிராபத்தே தேவையில்லை. தடித்த எழுத்து போல்ட், பளிச்சென்ற நிறம் போல்ட், யாரும் கேட்காமல் முதலில் வாய் திறப்பது போல்ட். அயர்லாந்தில் அடங்காத குழந்தையை இன்றும் போல்ட் என்றுதான் திட்டுவார்கள். முன்னால் வந்து நிற்பதுதான் அதன் சாரம். முன்னால் நிற்க உனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறவர் பாராட்டாகச் சொல்வார், இல்லை என்று நினைக்கிறவர் குறையாகச் சொல்வார். ஆகவே அம்மா, அந்த வார்த்தை உங்களைப் பற்றிச் சொன்னது குறைவு, சொன்ன வீட்டைப் பற்றித்தான் அதிகம்.

புதுவயல் பொண்ணு

அது எனக்கும் தெரியும் சார். ஆனால் அந்த வீட்டுப் பையன் எனக்குப் பிடித்திருந்தது.

பர்மாப் பெட்டி

ஆச்சி ‘கடல் தாண்டுவான்’ என்றதும் எழுதத் தோன்றியது. சட்டை கழற்றியவனை விட்டுவிட்டுப் பணத்துக்கு வாருங்கள். நம் ஊரில் துணிச்சல் என்ற சொல் அதிகம் புழங்கியதே கடல் தாண்டி வட்டித் தொழிலுக்கு, கொண்டுவிக்கப் போன இடத்தில்தான்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு மார்க்காவில், அதாவது செட்டியார் வட்டிக் கடையில், ஏஜெண்டாக இருந்தவர். மூன்று வருடக் கெடு. முதலாளி இங்கே காரைக்குடிப் பக்கம், கடை அங்கே நெல் விளைகிற பகுதியில். யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பதை அந்த இடத்தில் ஏஜெண்டுதான் முடிவு செய்ய வேண்டும், கடிதம் போட்டுக் கேட்டு வருவதற்குள் நடவு முடிந்துவிடும். நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு துணிந்து கொடுக்கிற ஏஜெண்டுக்கு அடுத்த கெடுவுக்கு நல்ல பெயர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத் ‘தொடைநடுங்கி’ என்று பெயர்.

1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்தது. கீழ் பர்மாவில் நெல் அதிகம் விளையும் 13 மாவட்டங்களில், செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு, 1937-38-ல் நூற்றுக்கு 25 பங்கு. கேட்பவர்களுக்கு ‘நாலில் ஒரு பங்கு நிலம்’ என்பது பெருமையாகத் தெரியும். அவர்களுக்கு நிலம் வேண்டாம், ரொக்கம்தான் வேண்டும். வாங்க ஆள் இல்லாத நிலமும், பர்மியர்களின் கோபமும்தான் கைக்கு வந்தன. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தார்கள்.

என் கேள்வி இதுதான். 1928-ல் துணிந்து கொடுத்த ஏஜெண்டும் 1929 கடைசியில் துணிந்து கொடுத்த ஏஜெண்டும் செய்தது ஒரே வேலை. பார்த்த கணக்கும் ஒன்று, வாங்கிய ஈடும் ஒன்று. முன்னவர் ‘கெட்டிக்காரர், துணிச்சல்காரர்’. பின்னவர் ‘கண்ணை மூடிக்கொண்டு அள்ளி விட்டவர்’. விளைவைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால், டீச்சர் எந்தக் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்?

கொம்பன்_திருப்பத்தூர்

இது மாட்டுக்கும் பொருந்தும் அண்ணே. பிடிச்சவனுக்கு அண்டா, சைக்கிள். அதே மாதிரி கை போட்டவன் குத்துப்பட்டா ‘இவனுக்கு ஏன் இந்த வேலை’. ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். ஆட்டம் தெரிஞ்சவன் குத்துப்பட்டா, கூட இருக்கிற நாங்க அவனைத் திட்ட மாட்டோம். சரியாத்தான் போனான், மாடு திரும்பிருச்சுன்னு சொல்வோம். தெரியாதவன் தப்பிச்சு வந்தா, பரிசே வாங்கினாலும், ‘இன்னிக்குத் தப்பிச்ச, அடுத்த வருசம் வராதே’ன்னு சொல்வோம். வேடிக்கை பார்க்கிறவங்கதான் முடிவை வெச்சுப் பேசுவாங்க. உள்ளே நிக்கிறவன் எப்படிப் போனான்னு பார்ப்பான்.

தேவகோட்டை குமாஸ்தா

சட்டமும் கொம்பன் பக்கம்தான், பாதி. யாருக்கும் அடிபடாவிட்டாலும் 281 பாயும். ஆனால் ஆள் செத்தால் வழக்கு 106-க்குப் போகிறது, தண்டனை பல மடங்கு. ஓட்டியவன் செய்தது ஒன்றுதான், குறுக்கே ஆள் வந்தது அவன் நேரம். விளைவைச் சட்டத்தாலும் விட முடியவில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி

பர்மாப் பெட்டி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஏஜெண்டு கொடுத்தது யார் பணம்? முதலாளி பணம் மட்டுமா? ஆச்சிமார் பணம் என்று தனியாகக் கணக்கே உண்டு. கல்யாணத்துக்குக் கொடுத்த சீதனத்தை வட்டிக்குப் போட்டு வைத்திருப்பார்கள், தாலியறுத்தவர்களுக்கு அதுதான் சோறு. கோயில் பணமும் உள்ளே இருந்தது. கடை முங்கியபோது ஐயாக்கள் ‘துணிந்து இறங்கினோம், காலம் சரியில்லை’ என்று திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். உள்ளே ஆச்சிமார் வாயைத் திறக்கவில்லை. அவர்களிடம் கேட்டிருந்தால் வேறு சொல் வந்திருக்கும்.

தன் காசில் துணிந்தால் துணிச்சல். அடுத்தவர் காசில் துணிந்ததற்கு நான் அந்தப் பெயர் கொடுக்க மாட்டேன், ஜெயித்திருந்தாலும்.

பர்மாப் பெட்டி

ஆச்சி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே ஆச்சிமார் பணத்துக்கு அதே துணிச்சல்தான் முப்பது நாற்பது வருடம் வட்டி கொடுத்தது. கட்டி முடித்த வீடுகளின் பர்மாத் தேக்கு எங்கிருந்து வந்தது? அந்த நாட்களில் எந்த ஆச்சியும் ‘என் பணத்தில் ஏன் துணிந்தாய்’ என்று கேட்டதாக எங்கள் வீட்டில் பேச்சில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி

கேட்டிருந்தால் ‘என்ன துணிச்சல்’ என்றிருப்பார்கள் அப்பச்சி. அதைத்தானே மேலே சொன்னேன்.

பழைய புரூஃப்

இந்த இருவருக்கும் நடுவில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் டீச்சரின் தாளுக்கு இது உதவும். சட்டை கழற்றியவனைப் பற்றி அவன் கூட்டாளி எழுதினால் டேரிங். மாடு பிடிக்கிறவன் எழுதினால் ரெக்லெஸ், ஏனென்றால் அவன் குறுக்கே வந்ததால் மாடு திரும்பி இவனைக் குத்தும். அவன் அம்மா எழுதினால் எழுதவே மாட்டாள், அடிப்பாள். அண்ணன் படுத்திருக்கிற பெண் மூன்று பேருக்கும் ரெக்லெஸ் போட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, வீட்டில் கட்டு மாற்றுகிறவள் அவள். ஆனால் அவள் மாட்டுக்காரருக்கும் ஏன் போட்டாள் என்று மட்டும் புரியவில்லை. அவர் ஆபத்தைக் குறைத்தவர் அல்லவா?

பள்ளத்தூர் டீச்சர்

நானும் இன்று அதைத்தான் அவளிடம் கேட்டேன். ‘மாட்டுக்காரர் நல்லதுதானே செய்தார்?’ என்றேன். ‘போன வருசம் வரைக்கும் அவிழ்த்தாருல்ல மிஸ்’ என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்ற பையனிடம், ஊர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிப் போக உன்னால் முடியுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ‘மாடு பிடிக்கக்கூடப் போயிருவேன் மிஸ், இது முடியாது’ என்றான். போல்ட் என்று அவனே மாற்றி எழுதிக்கொண்டான்.

மார்க் போடும் முறையை மாற்றிவிட்டேன். சொல்லுக்கு ஒரு மார்க், யார் பேசுவதாக நினைத்து எழுதினாய் என்பதற்கு இரண்டு. கூட்டாளி சொல்வதாக எழுதிய டேரிங்குக்கு முழு மார்க் உண்டு. யார் என்று சொல்லாமல் சும்மா டேரிங் போட்டால் ஒன்றுதான். ரெக்லெஸ் போட்டவர்கள், அவனுக்கு ஆபத்து தெரியும் என்பதைக் காட்சியில் எங்கே பார்த்தாய் என்று ஒரு வரி எழுத வேண்டும். குமாஸ்தா சாருக்கு நன்றி, அந்த வரி அவருடையது.

கண்டனூர் தமிழ்ப்பித்தன்

எல்லாம் சரி. கைடில் ‘அஜாக்கிரதையான’ என்று இருப்பதை அடித்துவிட்டு என்ன எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்?

பள்ளத்தூர் டீச்சர்

ஒரே சொல்லாக ஒன்றும் எழுதச் சொல்லவில்லை ஐயா. ‘தெரிந்தும் சட்டை பண்ணாத’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். பின்பெஞ்சில் ஒருத்தன், ‘அவன்தான் சட்டையைக் கழற்றிட்டானே மிஸ்’ என்றான். வகுப்பு அத்தோடு முடிந்தது.